மேட்ரனம்மா வீட்டு மரைன் பலகை

ஜெயமேரி ஏற்காட்டில் ஒரு விடுதிப் பள்ளியில் மேட்ரனாக இருந்து ஓய்வு பெற்றவள். இளம் வயதில் உள்ளே போனவள் தலை நரைத்த பிறகுதான் வெளியே வந்தாள். அதுவரை அவள் புழங்கிய சமையலறை எதுவும் அவளுடையதில்லை. பள்ளிச் சமையலறையில் அவளுக்கென்று இருந்தது ஸ்டோர் ரூம் சாவிக்கொத்து மட்டும்தான். அதையும் கடைசி நாளன்று புதிய மேட்ரனிடம் கொடுத்துவிட்டு, ஒரு டிரங்குப் பெட்டியோடு வாழவந்தி போகும் சாலையில் தான் வாங்கி வைத்திருந்த துண்டு நிலத்துக்கு வந்து சேர்ந்தாள். இது தொண்ணூற்று நான்காம் வருடம்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தாய் இறந்தபோது தம்பி ஸ்தனிஸ்லாஸ் மூன்றாம் வகுப்பில் இருந்தான். அவனைப் படிக்கவைத்து ஆளாக்குவதிலேயே அவளுக்குப் பெண் கேட்டு வரும் வயது கடந்துபோனது. அதைப் பற்றி அவள் யாரிடமும் குறைப்பட்டதில்லை. தம்பிதான் நிலைகொள்ளாமல் இருந்தான். எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் வேலை பிடிக்கவில்லை. லாரி புக்கிங் ஆபீஸ் ஒத்துவரவில்லை. சேலத்தில் ஒரு கூட்டாளியோடு தொடங்கிய பெயிண்ட் கடையைக் கூட்டாளியே எடுத்துக்கொண்டான். நாற்பது வயதுக்கு மேல், மனைவியின் நகைகளைப் போட்டு, அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு பிளைவுட் கடை திறந்தான். இந்தத் தடவை நிலைத்துவிடும் என்று ஜெயமேரி தினமும் ஜெபம் செய்தாள்.

வீடு கட்டி முடியும் தறுவாயில், சமையலறையை எப்படி வைப்பது என்ற பேச்சு வந்தது. அவளுக்கு ஒரு ஆசை இருந்தது. பள்ளியில் படித்துப்போன பெண் ஒருத்தி பெங்களூரில் தன் வீட்டுக்கு அழைத்திருந்தாள். அங்கே சமையல் மேடைக்குக் கீழும் மேலும் கதவு போட்ட பெட்டிகள் வரிசையாக இருந்தன. இழுத்தால் சத்தமில்லாமல் வந்து நின்றது இழுப்பறை. கரண்டிக்கு ஓரிடம், தட்டுக்கு ஓரிடம். மாடுலர் கிச்சன் என்றாள் அந்தப் பெண். திரும்பி வரும்போது பஸ்ஸில் முழு வழியும் ஜெயமேரி அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். வாழ்நாள் முழுக்க அண்டாவும் அகப்பையும் பார்த்தவளுக்கு அது பெரிய ஆசையென்று சொல்ல முடியாது.

தம்பியிடம் சொன்னதும் அவன் முகம் மலர்ந்தது. பலகை, ஷீட், கீல் எல்லாம் தன் கடையிலிருந்துதான் வரவேண்டும் என்றான். அவளைச் சேலத்துக்கு வரச்சொல்லி கடையைக் காட்டினான்.

மேசைக்குப் பின்னால் தம்பி உட்கார்ந்து நாலு பேருக்குப் பதில் சொல்வதை அவள் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள். விஷயம் தெரிந்துதான் பேசினான். சுவரோரம் நிறுத்தியிருந்த பலகைகளைக் காட்டி விளக்கினான். கமர்ஷியல் என்பது வீட்டுக்குள் காய்ந்த இடத்துக்கு. காற்றின் ஈரத்தைத் தாங்கும், தண்ணீரைத் தாங்காது. மரைன் என்பது கொதிக்கும் தண்ணீரிலும் பிரியாத பசை போட்டு அழுத்தியது. குறுக்கே அறுத்துப் பார்த்தால் அடுக்குக்கு அடுக்கு பசைக்கோடு கருஞ்சிவப்பாகத் தெரியும். கமர்ஷியலில் அந்தக் கோடு வெளுத்திருக்கும். பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே மரைன் இல்லாமல் எதையும் போடக்கூடாது என்றான். ஏற்காட்டு ஈரத்துக்கு மேல் பெட்டிகளும் மரைனிலேயே இருக்கட்டும். துணி அலமாரி மட்டும் உள்சுவரில் வருவதால் அதற்குக் கமர்ஷியல் போதும், வீண்செலவு வேண்டாம் என்றான்.

அவள் சன்மைக்கா அட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். பளபளப்பானதில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் கறை தெரியும், மங்கலானதை எடு என்று தம்பி சொன்னான். இளம்பச்சையில் மரக்கோடு ஓடிய ஒன்றை எடுத்தாள். வெளிப்பக்கம் மட்டும் ஒட்டினால் பலகை ஒரு பக்கமாக வளைந்துவிடும், உள்பக்கமும் வெள்ளை ஷீட் ஒட்ட வேண்டும் என்று அவனே சேர்த்துக்கொண்டான். கீல்களில் இரும்பை ஒதுக்கிவிட்டு, துருப்பிடிக்காத எஃகில் எடுத்துவைத்தான். திருகாணிகூட பித்தளை.

“ஏனுங்க, எங்கக்காவுக்குங்க. நல்லதாப் பாத்துக் கட்டுங்க” என்று கடை ஆளிடம் சொன்னான். அதைக் கேட்டு அவள் தலையைத் திருப்பிக்கொண்டாள். கண் கலங்கியதை அவன் பார்க்க வேண்டாமென்று.

பலகைகள் தார்ப்பாய் போர்த்திய வேனில் மலையேறி வந்தன. வேலைக்கு வந்தது கரடியூர் மாதப்பன். நிலமும் கொஞ்சம் காப்பிச் செடியும் உள்ளவன். தச்சுவேலையும் செய்வான். எஸ்டேட் பங்களாக்களில் நிறைய அலமாரி செய்த கை. சமையலறையில் தரையோடு பலகையை உட்காரவைக்காமல், அடியில் கடப்பாக்கல் திண்டு போட்டு அதன் மேல் பெட்டிகளை நிறுத்த வேண்டுமென்று முதலிலேயே சொல்லிவிட்டான். பலகையின் முகம் தண்ணீரைக் குடிக்காது, ஓரம்தான் குடிக்கும், அதனால் அறுத்த ஓரமெல்லாம் ரீப்பர் என்ற மெல்லிய தேக்குச் சட்டம் அடித்து மூட வேண்டும் என்றான். ஜெயமேரிக்கு அவன் வேலை பிடித்திருந்தது. காலையில் அவன் வருவதற்குள் காப்பி போட்டு வைத்துவிடுவாள்.

துணி அலமாரியை முதலில் முடித்தான். அதற்குப் பிறகு மரைன் பலகைகளை அறுக்கத் தொடங்கினான். ஜூலை மாதம். காலையில் இறங்கும் மூடுபனி மதியம்வரை வாசலிலேயே நிற்கும். வீட்டுக்குள் உப்பு நீராகும், செருப்பில் பூஞ்சை பூக்கும் மாதம். மழைத் தண்ணீர் பிடிக்கும் டிரம்முக்கு மூடி இல்லாததால், அறுத்து மிஞ்சிய துண்டு ஒன்றை மாதப்பன் அதன் மேல் வைத்திருந்தான். மரைன்தானே என்று வைத்தான்.

சில நாள் கழித்து ஒருநாள் காலை அவன் அந்தத் துண்டை எடுத்து வந்து சமையலறை வாசலில் நின்றான். கூப்பிடவில்லை. அவளாகப் பார்க்கும்வரை நின்றிருந்தான். துண்டின் ஓரம் உப்பி, மேல் அடுக்கு உதட்டைப் போல விரிந்திருந்தது.

“மேட்ரனம்மா, இது மரைன் இல்லீங்க” என்றான்.

பலகையில் முத்திரை இருக்கிறதே என்றாள் அவள். முத்திரை யார் வேண்டுமானாலும் குத்தலாம் என்றான் அவன். பசைக்கோடு கருஞ்சிவப்பாக இருக்கிறதே என்று தம்பி சொல்லிக்கொடுத்ததைச் சொன்னாள். பசையில் நிறம் கலந்தால் அதுவும் வரும் என்றான். அவனுக்கே முழு நிச்சயம் இல்லை. வேகவைத்துப் பார்த்துவிடலாம் என்றான்.

கொல்லையில் விறகடுப்பை மூட்டினாள். பழைய அலுமினியப் பானையில் தண்ணீர் வைத்து, தம்பி அனுப்பிய பலகையில் கைநீளத் துண்டு ஒன்றைப் போட்டான் மாதப்பன். கூடவே, ஒரு பங்களா வேலையில் மிஞ்சி அவன் வைத்திருந்த நல்ல மரைன் துண்டையும், அடையாளத்துக்கு ஒரு மூலையைச் செதுக்கிவிட்டுப் போட்டான். பானை கொதித்தது. தண்ணீர் வற்ற வற்ற அவள் ஊற்றிக்கொண்டே இருந்தாள். வேறு வேலை எதுவும் ஓடவில்லை. கர்த்தரே, பிரியாமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள். பலகைக்காக ஜெபம் செய்வது அவளுக்கே விநோதமாக இருந்தது.

மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் மாதப்பன் இடுக்கியால் இரண்டையும் எடுத்துக் கல்லின் மேல் வைத்தான். செதுக்கிய துண்டு வெந்து கறுத்திருந்தாலும் ஒரே கட்டையாக இருந்தது. தம்பி அனுப்பியது கல்லில் வைத்ததுமே நனைந்த அட்டைபோல அடுக்கடுக்காகச் சரிந்தது. அவன் விரலால் தொடக்கூட இல்லை.

ஜெயமேரி அப்போதும் தம்பியைச் சந்தேகப்படவில்லை. யாரோ அவனை ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் நினைத்தாள். அது சரியாகவும் இருந்தது. டவுனுக்குப் போய் போன் போட்டு, உடனே வா என்று மட்டும் சொன்னாள். அவன் மறுநாள் காலை முதல் பஸ்ஸில் வந்தான். வாசலில் நுழையும்போதே வேலை எவ்வளவு தூரம் என்று கேட்டுக்கொண்டு வந்தவன், கல்லின் மேல் காய்ந்து சுருண்டு கிடந்த அடுக்குகளைப் பார்த்து நின்றுவிட்டான். கேட்க வேண்டிய அவசியம் அவனுக்கு இருக்கவில்லை. கடைக்காரன் அல்லவா.

தலையைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்து சொன்னான். வெளியூர் ஆள் ஒருவன் குறைந்த விலைக்கு ஒரு முழு லோடு கொடுத்தான். சாம்பிள் துண்டை வேகவைத்துப் பார்த்துத்தான் வாங்கினேன், சாம்பிள் நல்லதாக இருந்தது, லோடு வேறாக இருந்திருக்கிறது என்றான். அந்த ஆள் இப்போது எங்கே என்று தெரியாது. இருந்த கையிருப்பு அத்தனையும் அந்த லோடில்தான் முடங்கிக் கிடக்கிறது.

“வேற யாருக்குக் குடுத்த, தனிசு?” என்று கேட்டாள் ஜெயமேரி.

அவன் கல்லிலிருந்து ஒரு அடுக்கை எடுத்து விரலால் உரித்தான். அவள் இன்னொரு தடவை கேட்டாள். மஞ்சக்குட்டைப் பக்கம் கன்னியாஸ்திரிகள் நடத்தும் முதியோர் இல்லத்துக்குப் பாதி லோடு போயிருந்தது. அங்கே புதுச் சமையலறை. பெட்டிகள் மாட்டும் வேலை தொடங்கியாகிவிட்டது.

ஜெயமேரிக்கு அந்த இல்லம் தெரியும். மாதத்தில் ஒருநாள் போய் அங்குள்ள கிழவிகளோடு உட்கார்ந்து கீரை ஆய்ந்துவிட்டு வருவாள். சமையலறையின் சுவரோரமாகத்தான் பெஞ்சு. அந்தப் பெஞ்சுக்கு மேலேதான் இப்போது பெட்டிகள் வரப்போகின்றன. அவற்றில் பருப்பு டின்களும் பித்தளைப் பாத்திரங்களும் ஏறும். பலகை அடுக்குப் பிரிந்தால் திருகாணிக்குப் பிடிப்பு இருக்காது, நனைந்த ரொட்டியிலிருந்து வருவதுபோல வந்துவிடும் என்று முந்தின நாள்தான் மாதப்பன் சொல்லியிருந்தான்.

போய்ச் சொல்லிவிடு என்றாள் தம்பியிடம். அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். சொன்னால் பலகையைத் திருப்பி எடுக்க வேண்டும். எடுத்தால் அடுத்தவரும் திருப்புவார். கடை அந்த வாரத்தோடு முடிந்தது. எல்லாவற்றையும் நிதானமாகத்தான் சொன்னான். பிறகு குரல் தாழ்ந்தது.

“மேல் பெட்டிக்குத் தண்ணியே படாதக்கா. ஷீட் ஒட்டி ரீப்பர் அடிச்சுட்டா நாலஞ்சு வருசம் நிக்கும். அதுக்குள்ள நான் எந்திரிச்சுப்போடுவேன். நானே மாத்திக் குடுத்துப்போடறேன். உன்ற பலகையை முதல்ல மாத்தறேன்.”

“ஏற்காட்டுல தண்ணி கொழாயில மட்டுமா சாமி வருது?” என்றாள் அவள். “அந்தச் சமையக்கட்டுல நாளெல்லாம் கொதிக்குது. அந்த ஆவி எங்க போகும்?”

அவன் சாப்பிடாமல் எழுந்தான். சொல்லிவிடுவாயா என்று வாசல்வரை போய்க் கேட்டாள். பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினான்.

ஒரு வாரம் அவள் காத்திருந்தாள். மாதப்பன் வேலையை நிறுத்திவிட்டு, பலகைகளை வராந்தாவில் அடுக்கி, மேலே சாக்கைப் போட்டுவிட்டுப் போயிருந்தான். அவள் ஒவ்வொரு நாளும் டவுனுக்குப் போய்க் கடைக்குப் போன் செய்தாள். முதலாளி வெளியே போயிருக்கிறார் என்று ஆள் சொன்னான். ஒருநாள் தம்பியே எடுத்தான். அவள் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டான்.

அவன் சொல்லட்டும் என்றுதான் அவள் விரும்பினாள். தான் சொல்வது வேறு, அவன் சொல்வது வேறு. அவனே போய்ச் சொன்னால் கடை போனாலும் மனிதன் மிஞ்சுவான். ஆனால் நாள் போகப்போக மாட்டி முடித்துவிடுவார்களே என்ற பயம் தூங்கவிடவில்லை. பள்ளியில் இருந்தபோது ஒரு பிள்ளைமேல் சுடுநீர் கொட்டிவிட்ட காலைப்பொழுது நினைவுக்கு வந்தது. அன்று அவள் செய்த தவறு எதுவும் இல்லை. ஆனாலும் அந்தப் பிள்ளையின் சத்தம் இன்றும் காதில் இருந்தது. இங்கே தெரிந்திருந்தும் சும்மா இருந்தால் அந்தச் சத்தத்தை எப்படித் தாங்குவது என்று எண்ணினாள்.

ஞாயிறு பூசை முடிந்ததும் ஜீப் பிடித்து மஞ்சக்குட்டைக்குப் போனாள்.

இல்லத்தின் பொறுப்பில் இருந்தவர் சிஸ்டர் அற்புதம். சமையலறைக்கு அழைத்துப்போய்ப் பெருமையாகக் காட்டினார். கீழ்ப்பெட்டிகள் முடிந்திருந்தன. மேல்வரிசையில் பாதி மாட்டியிருந்தார்கள். பெஞ்சில் இரண்டு கிழவிகள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி, ‘மேட்ரனம்மா வந்துட்டாங்க, தம்பி கைங்கரியத்தைப் பாக்க’ என்றாள். ஜெயமேரி வெளியே வராந்தாவுக்கு வந்த பிறகுதான் சொன்னாள்.

“சிஸ்டர், இந்தப் பலகை மரைன் இல்லீங்க. எம்பட ஊட்டுல வேகவெச்சுப் பாத்துட்டேன். எந்தம்பியை ஏமாத்திட்டாங்க. மேல மாட்டாதீங்க.”

சிஸ்டர் சமையலறைப் பக்கம் ஒருதடவை திரும்பிப் பார்த்தார். பிறகு, உங்கள் தம்பிக்கு இது தெரியுமா என்று கேட்டார். ஜெயமேரி அந்தக் கேள்வியை எதிர்பார்த்து வரவில்லை. பொய் சொல்லியிருக்கலாம். தெரியாது என்று சொல்லியிருந்தால் அவனுக்கு ஒரு வழி மிஞ்சியிருக்கும். பின்னாளில் அந்தக் கணத்தை எத்தனையோ தடவை திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அன்று அவள் வாயிலிருந்து வந்தது, தெரியும் என்பதுதான்.

அதற்குப் பிறகு நடந்ததில் ஆச்சரியம் எதுவும் இல்லை. இல்லத்தார் ஒரு துண்டை வேகவைத்துப் பார்த்தார்கள். பெட்டிகளை இறக்கினார்கள். பலகைகள் சேலத்துக்குத் திரும்பிப் போயின. மலையில் இந்த மாதிரிப் பேச்சு பஸ்ஸைவிட வேகமாக இறங்கும். வேறு இரண்டு இடங்களிலும் திருப்பினார்கள். தெரிந்தே விற்றான் என்றுதான் பேச்சு. தெரியாமல் வாங்கினான் என்பதை யாரும் சொல்லவில்லை. அந்த வருடக் கிறிஸ்மஸுக்கு முன்பே கடை மூடிவிட்டது. ஸ்தனிஸ்லாஸ் குடும்பத்தோடு ஓசூருக்குப் போய், யாரோ ஒருவருடைய ஹார்டுவேர் கடையில் சம்பளத்துக்கு நின்றான்.

போகுமுன் அவன் மனைவி மட்டும் ஒருதடவை மலைக்கு வந்தாள். சண்டை போடவில்லை. வாசலிலேயே நின்று, ‘வளத்த கையே இதச் செஞ்சுதுன்னு அவரு சொல்றாருங்க’ என்று சொல்லிவிட்டு, காப்பிக்குக்கூட நிற்காமல் திரும்பிப் போனாள்.

வராந்தாவில் கிடந்த பலகைகளை எடுத்துப்போக யாரும் வரவில்லை. ஐப்பசி மழையில் அவை ஓரமெல்லாம் விரிந்து கிடந்தன. மாதப்பன் அவற்றை உடைத்து விறகாக்கட்டுமா என்று கேட்டான். அந்தப் பசையை எரித்தால் புகை ஆகாது என்று அவனே சொல்லி, கடைசியில் தோட்டத்துக் குழியில் போட்டு மூடினான். வேறு கடையிலிருந்து நல்ல மரைன் வாங்கிவந்து செய்துகொடுப்பதாகச் சொன்னான். அவளுக்கு மனம் வரவில்லை. கடப்பாக்கல்லை நிறுத்தி, திறந்த தட்டுகளாகவே வைத்துக்கொண்டாள். இளம்பச்சை ஷீட் சுருட்டு அவிழ்க்காமலேயே பரணில் கிடந்தது. கமர்ஷியல் என்று சொல்லியே கொடுத்த பலகையில் செய்த துணி அலமாரி மட்டும், உள்சுவரில் ஒரு குறையும் இல்லாமல் நின்றது. சேலை எடுக்க அதைத் திறக்கும்போதெல்லாம், கடையில் தம்பி சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மையாகத்தான் இருந்தது என்று அவளுக்குத் தோன்றும். அப்படித் தோன்றும் நாட்களில் அவளுக்கு வேலை ஓடாது.

இல்லத்துக்கு அவள் பிறகு போகவில்லை. சிஸ்டர் அற்புதம் இரண்டு தடவை ஆளனுப்பினார். கிழவிகள் கேட்கிறார்கள் என்றார். அங்கே போனால் நன்றி சொல்வார்கள் என்ற பயமே அவளைத் தடுத்தது. அந்த நன்றியை வாங்கிக்கொள்ள அவளால் முடியாது.

மூன்று வருடம் கழித்து, ஒரு மே மாதம், ஸ்தனிஸ்லாஸ் வந்தான். கோடை விழாவுக்கு வந்த கூட்டத்தில் பஸ் நிரம்பி வழிந்தது, நின்றுகொண்டே வந்தேன் என்றான். மெலிந்திருந்தான். முன்பல் ஒன்று போயிருந்தது. அவள் பதறிப்போய்ச் சோறு வைத்தாள். சாப்பிட்டான். மூத்த மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறோம் என்றான். ஓசூர் வெயிலைப் பற்றிச் சொன்னான். அவள் மூட்டுவலியைப் பற்றிக் கேட்டான். பேச்சில் இடைவெளி வரும்போதெல்லாம் இருவரும் வேறு ஏதாவதைத் தேடிப் பிடித்துப் பேசினார்கள்.

கை கழுவச் சமையலறைக்குள் போனவன், கல் தட்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றான். கழுவிய கையைத் துடைக்கவில்லை. அவள் துண்டை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள்.

“நீ போய்ச் சொல்லாட்டியும், அடுத்த நாள் நானே போய்ச் சொல்லியிருப்பனக்கா” என்றான், அவள் பக்கம் திரும்பாமலே. “திங்கக்கிழம வரலாம்னுதான் இருந்தேன்.”

அவள் துண்டை நீட்டினாள். அவன் வாங்கித் துடைத்துக்கொண்டான். அது உண்மையாக இருக்க வேண்டுமென்று ஒரு நொடி வெறியோடு விரும்பினாள். உண்மையாக இருந்தால் தான் செய்தது என்ன என்ற நினைப்பு அடுத்த நொடியே வந்தது. பொய்யாக இருந்தால் மூன்று வருடமாக இதைத்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறானா என்று தோன்றியது. இரண்டில் எது மோசமென்று அவளுக்குத் தெரியவில்லை.

“நேரமாச்சு சாமி. பஸ்ஸுக்குக் கூட்டமா இருக்கும்” என்றாள்.

பஸ் ஸ்டாண்டுவரை கூடவே நடந்தாள். சீசன் கூட்டம் படியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவன் எப்படியோ உள்ளே நுழைந்துவிட்டான். ஜன்னல்களில் தேடினாள், முகம் தெரியவில்லை. வண்டி கிளம்பிய பிறகு ஏரிப்பக்கமாகக் கொஞ்சநேரம் நின்றுவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

தம்பி மகளின் கல்யாணம் அடுத்த தையில் நடந்ததாக, ஓசூர் போய்வந்த யாரோ சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது.